பாரம் ஏற்றிய முகம்

கேலிச்சித்திர முகம் என்பது பாரம் ஏற்றிய முகம். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் ‘கேரிகேச்சர்’ என்ற பெயர், சுமை ஏற்றுதலைக் குறிக்கும் ‘கரிகாரே’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் போலோன்யா நகரில் கராச்சி குடும்பத்து ஓவியர்கள் பெரிய ஓவியங்களுக்கு நடுவே பொழுதுபோக்காக இப்படிப்பட்ட முகங்களை வரைந்தார்கள். மூக்கு நீளமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நீளத்தை ஏற்றினார்கள். தாடை சிறிதாக இருந்தால் அதிலிருந்து கொஞ்சம் இறக்கினார்கள். ஏற்றுவதும் இறக்குவதுமே வேலையாக இருக்கும் ராயபுரத்தில் இந்த விளக்கத்தைப் புரியவைக்கப் பாடுபட வேண்டியதில்லை. பாரம் ஏற்றினாலும் லாரி அதே லாரிதான். எத்தனை டன் ஏறினால் அது லாரியாகத் தெரியாமல் வெறும் மூட்டைக் குவியலாகத் தெரியும் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்காக ராயபுரத்தைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள் இரண்டு மாதம் சண்டை போட்டார்கள். ஒருவர் எண்ணூர் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் இடையே கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். மற்றவர் காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். முன்னவருக்கு நீள முகம். பின்னவருக்கு வட்ட முகமும், அதைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்கும் மீசையும். கேரம் ஆட்டத்தில் இருபது வருடமாக ஒரே அணி. ஒரு கல்யாண வரவேற்பில், ஐஸ்கிரீமுக்கும் பீடாவுக்கும் நடுவே ஒரு ஓவியர் நாற்காலி போட்டு, வந்தவர்களை ஆளுக்கு ஐந்து நிமிடத்தில் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் உட்கார்ந்தார்கள், படம் கிடைத்தது, சண்டையும் கிடைத்தது.

சண்டையின் வடிவம் இப்படிப்பட்ட எல்லாச் சண்டைகளுக்கும் பொதுவானது. ஒவ்வொருவரும் மற்றவரின் படம் அச்சு அசல் என்றார். தன் படம் யாரோ என்றார்.

“மச்சான், உன்னுது மெய்யாலுமே நீதான்டா. என்னுதுதான் இன்னாவோ மாதிரி கீது.”

“டேய், உன்னுதுல இன்னா தப்பு? வவ்வால் மீனுக்கு மீசை வச்ச மாதிரி கரெக்டா கீற. என் தாடையப் பாரு, ஜெட்டி மாதிரி கடலுக்குள்ள நீட்டிக்கினு போவுது!”

இதில் யார் சொன்னது சரி என்று பார்க்க, ஓவியரின் வேலை நடந்த வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கற்றுக்கொள்பவர்கள் கண்ணை அழகாக வரைவதில் தொடங்குவார்கள். அனுபவசாலிகள் அப்படிச் செய்வதில்லை. தலையின் வெளிக்கோடு, இரண்டு கண்கள், மூக்கு, வாய் ஆகிய ஐந்து வடிவங்களையும், அவற்றுக்கு இடையே உள்ள தூரங்களையும் முதலில் பார்ப்பார்கள். சாயல் உறுப்புகளில் இருப்பதைவிட இந்த இடைவெளிகளில்தான் அதிகம் இருக்கிறது. சாதாரண முகத்தில் இரண்டு கண்களுக்கு நடுவே இன்னொரு கண் வைக்கும் அளவு இடம் இருக்கும் என்பது ஓவிய வகுப்பின் பாலபாடம். டிரெய்லர் டிரைவருக்கு அங்கே ஒன்றரைக் கண் இடம் இருந்தது. ஓவியர் இரண்டு கண் இடம் விட்டார். மூக்கின் அடியிலிருந்து மோவாய் வரை பொதுவாக முகத்தின் மூன்றில் ஒரு பங்கு. டிரைவருக்கு அது சற்றுக் கூடுதல். ஓவியர் அதைப் பாதி முகமாக்கினார். தாளின் அளவு மாறாததால், தாடைக்கு ஏற்றிய பாரத்தை நெற்றியிலிருந்து இறக்கினார். ஆக, ஓவியர் இல்லாத எதையும் சேர்க்கவில்லை. சராசரி முகத்திலிருந்து அந்த முகம் எந்தத் திசையில் விலகியிருந்ததோ, அதே திசையில் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டார்.

இப்படித் தள்ளுவது சாயலைக் கெடுக்கும் என்றுதான் தோன்றும். சோதனை வேறு மாதிரி சொல்கிறது. 1980களில் சூசன் பிரென்னன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒரு முகத்துக்கும் சராசரி முகத்துக்கும் உள்ள வித்தியாசங்களை அளந்து, அவற்றைப் பெரிதாக்கிக் கோட்டுப்படம் வரையும் கணினி நிரல் ஒன்றை எழுதினார். அதைக் கொண்டு நடந்த, 1987இல் வெளியான ஆய்வில், தெரிந்தவர்களின் மிகைப்படுத்திய கோட்டுப்படங்களை, அளவு மாறாத கோட்டுப்படங்களைவிட மக்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். எது ரொம்பப் பொருத்தம் என்று கேட்டபோது தேர்ந்தெடுத்த மிகைப்பாடு சராசரியாக 16 சதவீதம்தான். எனவே கொஞ்சம் பாரம் ஏற்றினால் வண்டி நன்றாகத் தெரிகிறது. கல்யாண மண்டபத்து ஓவியர் ஏற்றியது இதைவிட அதிகம். ஆனால் சிரிப்புக்காக ஏற்றும் பாரத்துக்கு எடைமேடை கிடையாது.

அப்படியானால் தன் படம் மட்டும் ஏன் யாரோபோல் தெரிகிறது? முதல் காரணம் கண்ணாடி. மனிதன் தன் முகத்தைப் பெரும்பாலும் இடவலம் மாறித்தான் பார்க்கிறான். டிரைவர் இடப்பக்கம் வகிடு எடுப்பவர். கண்ணாடியில் அவருக்கு எதிரே நிற்கும் ஆளோ வலப்பக்கம் வகிடு எடுத்தவன். நாற்பது வருடம் அந்த ஆளோடு பழகியவர், படத்தில் வகிடு இடம் மாறியிருப்பதைக் கண்டு, “வகிடே தப்பு” என்றார். ஓவியர் மற்றவர்கள் பார்க்கும் முகத்தை வரைந்திருந்தார். டிரைவரோ தான் பார்க்கும் முகத்தைத் தேடினார். 1977இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், ஒருவரின் படத்தை நேராகவும் இடவலம் மாற்றியும் காட்டினார்கள். அவர் பெரும்பாலும் மாற்றிய படத்தை விரும்பினார். நண்பர் நேர்ப்படத்தை விரும்பினார்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது. மனிதன் மனதில் வைத்திருக்கும் தன் முகம், உண்மை முகத்தைவிடச் சற்று அழகானது. 2008இல் வெளியான ஒரு ஆய்வில், ஒருவரின் புகைப்படத்தை அழகான முகத்தோடு பல அளவுகளில் கலந்து, அவற்றுள் உன் முகம் எது என்று கேட்டார்கள். அசலைவிடக் கொஞ்சம் அழகேற்றிய படத்தையே பலர் காட்டினார்கள். ஏலம் விடுபவர் இந்தக் கருத்தை ஏற்கவில்லை. “அது அமெரிக்காகாரனுக்கு. காசிமேட்டுல முகம் பாத்து எவன்டா மீன் வாங்குறான்?” என்றார். சொல்லும்போது மீசையைத் தடவிக்கொண்டார்.

வாய்ச்சண்டை தீராததால் சோதனை தேவைப்பட்டது. முதல் சோதனை கல்மண்டபம் அருகே ஒரு டீக்கடையில் நடந்தது. மாஸ்டரிடம் படங்களை நீட்டினார்கள். அவர் பால் ஆற்றிக்கொண்டே, “இது நீ, இது அவரு. ரெண்டும் லைட்டு டீ, ஒண்ணு சர்க்கரை கம்மி” என்றார். இந்தச் சோதனை செல்லாது. படத்துக்கு உரியவர்களே எதிரில் நிற்கும்போது அடையாளம் காண்பது இரண்டில் ஒன்றைப் பொருத்தும் வேலை. நீளத்தை நீளத்தோடும் வட்டத்தை வட்டத்தோடும் சேர்த்தால் முடிந்தது.

முறையான சோதனைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. படத்துக்கு உரியவர் அங்கே இருக்கக் கூடாது. மீசை, மூக்குக்கண்ணாடி, தொப்பி போன்ற ஒட்டுப்பொருள்களை மறைக்க வேண்டும். அவை சாயலின் பங்காளிகள் அல்ல, வாடகைக்காரர்கள். இருவரும் வராத ஒரு மாலையில், கேரம் கிளப் பையன் ஒருவன் மூக்குக்குக் கீழே கட்டைவிரலை வைத்து மறைத்து, படங்களை ஐந்து பேரிடம் காட்டினான். டிரைவரின் படத்தை ஐந்து பேரும் சொல்லிவிட்டார்கள். தாடை, கண் இடைவெளி, அதோடு எப்போதும் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துச் சாய்ந்துபோன கழுத்து. உடலின் நிலையும் சாயலில் சேர்த்திதான். 1930களில் ஆனந்த விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்துவான்களைப் பார்த்தவர்களுக்கு, தாளம் போடும் கையும் அண்ணாந்த தலையுமே பாதி ஆளைச் சொல்லிவிடும்.

ஏலம் விடுபவரின் படத்தில்தான் சிக்கல். கட்டைவிரல் வைத்ததும் ஒருவர் அதை அரசியல்வாதி என்றார். ஒருவர் தன் மாமனார் என்றார். இரண்டு பேர் தெரியாது என்றார்கள். ஐந்தாமவர், “விரலை எடுடா பாக்கலாம்” என்றார். எடுத்ததும் ஐந்து பேரும் ஒரே குரலில் பெயர் சொன்னார்கள். அதாவது ஓவியர் வரைந்தது மீசையை. முகம் அதற்கு ஸ்டாண்டு. ஐந்து நிமிட வேலையில் இது வழக்கமாக நேரும் பிழை. பெரிய மீசை கண்ணில் பட்டதும் ஓவியரின் கை மொத்தப் பாரத்தையும் அதில் ஏற்றிவிடும். அதன் பின்னால் ஒளிந்திருப்பதை அளக்காது. அங்கே ஒளிந்திருந்தது, தொண்டை கிழிய ஏலம் கூவும் ஒருவருக்குச் சற்றும் பொருந்தாத மிகச் சிறிய வாய். ஏற்றியிருக்க வேண்டியது மூக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள நீளத்தை; இறக்கியிருக்க வேண்டியது வாயை.

முகம் போனாலும் சாயல் நிற்க முடியும் என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணம் பிரான்சில் உண்டு. 1831இல் அந்நாட்டு மன்னர் லூயி பிலிப்பைக் கேலி செய்த வழக்கில் பத்திரிகையாளர் ஷார்ல் ஃபிலிப்போன் நீதிமன்றத்தில் நான்கு படங்கள் வரைந்து காட்டினார். முதலில் மன்னர், அடுத்தடுத்த படங்களில் கன்னம் பெருத்து, உச்சி குறுகி, நான்காவது வெறும் பேரிக்காய். இதில் எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது, பேரிக்காய் மன்னரைப் போலிருந்தால் அது என் தப்பா என்பது அவர் வாதம். தண்டனை கிடைத்தது. ஆனால் பாரிஸ் சுவர்களில் பேரிக்காய் வரைந்தால் மன்னர் என்று குழந்தைக்கும் தெரிந்தது. கண், மூக்கு எதுவும் இல்லாமல், மேலே குறுகிக் கீழே பெருத்த விகிதம் ஒன்றே ஆளைச் சொல்லிவிட்டது. ராயபுரத்திலோ கண்ணும் மூக்கும் இருந்தும், மீசை இல்லாமல் ஆள் இல்லை.

ஆகவே தீர்ப்பு இது. டிரைவரின் படம் டிரைவரைப் போலவே இருக்கிறது. அவர் ஆட்சேபம் தள்ளுபடி. ஏலம் விடுபவர் தன் படம் தன்னைப் போல் இல்லை என்றது சரி. ஆனால் அவர் சொன்ன காரணம் தவறு. அழகு குறைந்துவிட்டது என்றார், குறைந்தது அளவு. அவருடைய படத்தை அச்சு அசல் என்ற டிரைவரும், இருபது வருடமாக எதிரே உட்கார்ந்து மீசையோடுதான் கேரம் ஆடிக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது.

இதை மேல்முறையீட்டில் உறுதி செய்யும் நிகழ்ச்சியும் நடந்தது. ஏலம் விடுபவர் வேண்டுதலுக்காகத் திருப்பதி போய் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்தார். டீக்கடை மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்து, “அண்ணே, இன்னா டீ?” என்று கேட்டார். படத்தை அவர் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. டிரைவர் அன்றுதான் முதல்முறையாக, “இது நீ இல்லடா மச்சான்” என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஏலம் விடுபவர் கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, படத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “இல்ல, இதான்டா நானு” என்றார்.

மீசை பழைய அளவுக்கு வளர இரண்டு மூன்று மாதம் ஆகும். வழக்கு அதுவரை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.