திருமதியா, முனைவரா?

கேள்வி: என் ஆய்வு நெறியாளருக்கு முதல்முறையாகக் கடிதம் எழுதப் போகிறேன். பெயருக்கு முன்னால் ‘திருமதி’ போடுவதா, ‘முனைவர்’ போடுவதா? நேரில் ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுகிறேன்.
– ஆய்வு மாணவர், திருநெல்வேலி

பதில்: ‘திருமதி’ கல்யாணத்தில் வந்தது, ‘முனைவர்’ ஆய்வேட்டில் வந்தது. நீங்கள் எழுதப்போவது ஆய்வைப் பற்றி. ஆகவே முனைவர்தான். அவருக்கு மணமாகிவிட்டதா என்று துப்பறியும் வேலையும் மிச்சம். இரண்டையும் சேர்த்து ‘திருமதி முனைவர்’ என்று அடுக்காதீர்கள்.

ஒன்று கவனியுங்கள்: முனைவர் என்பது பட்டம், பேராசிரியர் என்பது பதவி. உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்று அதற்குப் படிகள் உண்டு. பேச்சில் எல்லோரையும் ‘பேராசிரியர்’ என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள். எழுத்தில் அப்படி விட்டுவிட முடியாது. பெறுநர் பகுதியில் ‘முனைவர்’, பெயர், ‘அவர்கள்’. அடுத்த வரியில் அறைவாசல் பலகையில் உள்ளபடியே பதவி.

விளிக்கும்போது பெயர் வேண்டாம். ‘மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்’ போதும். ‘தாங்கள்’ என்று தொடங்கினால் கடைசிவரை ‘தாங்கள்’தான். நடுவில் ‘நீங்கள்’ எட்டிப்பார்த்தால், முதல் பத்தி யாருடைய கடிதத்திலிருந்தோ வந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். முடிவில் ‘தங்கள் உண்மையுள்ள’.

நேரில் ‘வணக்கம் மேடம்’ தாராளம். தமிழ்த்துறை என்றால் ‘வணக்கம் அம்மா’ இன்னும் பொருந்தும். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தலைப்பெழுத்தை இருமுறை சரிபாருங்கள். அது தவறிப்போன என் கடிதத்தை ஓர் ஆசிரியர் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.