பிரசவ வீட்டுச் சாமான் பட்டியல்

மகள் பேறுகாலத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டால், அந்த வீட்டு ஆண்களுக்குக் கிடைக்கும் ஒரே பதவி பை தூக்குவதுதான். எங்கள் வீட்டில் அதற்கு என்னைப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்தார்கள். மாமியார் சொல்லச் சொல்ல மனைவி எழுதினாள். சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், ஓமம், பூண்டு, கறுப்பு உளுந்து, உடன்குடிக் கருப்பட்டி, நல்லெண்ணெய், சுண்டை வற்றல், பால். மகளின் செல்போனில் வேறொரு பட்டியல் இருந்தது. ஓட்ஸ், பேரீச்சை, ரஸ்க், ஏதோ ஒரு சத்து பானப் பொடி, பால். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது பால் மட்டும்தான்.

“அத்தை, இவ்வளவு மருந்தா?” என்று கேட்டேன்.

“மாப்ள, நீங்க பெறவா போறீய? வாங்கிட்டு வந்தாப் போதும்.”

வாங்கி வந்தேன். ஆனால் அதிமதுரத்தை மட்டும் கடைக்காரரிடமே விட்டுவிட்டேன். மகளுக்குக் கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அதிமதுரம் அதை இன்னும் ஏற்றிவிடும். லேகியத்தை அது இல்லாமல் கிண்டியதில் ருசி குறைந்ததாக மாமியார் இன்றைக்கும் சொல்வார். லேகியம் நெல்லிக்காய் அளவுக்கு மேல் யாருக்கும் இறங்காது என்பதால், மருந்துச் சரக்கை ஐம்பது ஐம்பது கிராமாக வாங்கினாலே போதும். கால் கிலோ சித்தரத்தை வாங்கினால் அது அடுத்த பேரப்பிள்ளை வரைக்கும் அலமாரியில் கிடக்கும்.

உளுந்தங்களி விஷயத்தில் மாமியாருக்கு முழு மதிப்பெண். ஒரு கிலோ தோலுள்ள கறுப்பு உளுந்துக்குக் கால் கிலோ பச்சரிசி. வாசம் வரும்வரை வறுத்து மில்லில் கொடுத்தால் மாவு நெடுநாள் வரும். கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டினேன். துணியில் நின்ற மணலைப் பார்த்த பிறகு வடிகட்டாத கருப்பட்டியை எவர் வீட்டிலும் நான் தொடுவதில்லை. மாமியார் அதில் மாவைக் கொட்டிக் கிண்டி, நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுவார். சர்க்கரை நோய் உள்ள தாய்க்கு மட்டும் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று யாராவது தைரியமாகச் சொல்ல வேண்டும்.

சிக்கலெல்லாம் ராத்திரியில்தான். தாய்ப்பால் கொடுக்கிறவளுக்கு முதல் ஆறு மாதம் தினமும் ஏறக்குறைய 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. அந்தப் பசி ராத்திரி இரண்டு மணிக்கு வரும். ஒரு கையில் பிள்ளை. அடுப்படியில் மிச்சமிருந்த களியோ ஆறி, சுவரில் அடித்தால் சுவர் உடையும் பதத்தில் இருக்கும். அப்போது கைகொடுத்தது மகளின் பட்டியல்தான். ஒரு கையால் எடுத்து, சமைக்காமல், சிந்தாமல் தின்ன முடியுமா என்பதே பாக்கெட் சாமானுக்கு நான் வைத்த பரீட்சை. பேரீச்சை, வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை தேறின. கட்டிலருகே ஒரு டப்பாவும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்தோம். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று மாமியார் செம்பைத் தூக்கிக்கொண்டு போனார். மலச்சிக்கல் வந்து மகள் முனகிய மறுநாள் செம்பு தானாகத் திரும்பி வந்தது.

ஓட்ஸ் பகலில் பாஸ். மசாலா போட்ட பாக்கெட் வேண்டாம்; வெறும் ஓட்ஸ் வாங்கிப் பாலில் கொதிக்கவிட்டால் போதும். ரஸ்க்கில் சத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, காபிக்குத் துணை, அவ்வளவுதான். சத்து பானப் பொடியை வாங்குமுன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். எடையில் அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். சர்க்கரை முதலிலோ இரண்டாவதாகவோ நின்றால், நாம் வாங்குவது வாசனை போட்ட சர்க்கரை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடோ பாலோடோ விழுங்கினால் பாதி வீண். எலுமிச்சை ஜூஸ் நல்ல துணை.

மீன்காரரிடமிருந்து சுறா வாங்கி வரச் சொன்னார் மாமியார். பால் ஊற சுறாப்புட்டு இல்லாமல் பிரசவ வீடு உண்டா? ஆனால் பெரிய சுறாவின் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும். பால் குடிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது வேண்டாம் என்று மத்தியையும் நெத்திலியையும் வாங்கி வந்தேன். முள் எடுக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

அதைவிடப் பெரிய வேலை பூண்டு உரிப்பது. குழம்பில் பூண்டு, பாலில் பூண்டு, வதக்கிய பூண்டு என்று வாரத்துக்கு அரைக் கிலோ போகிறது. ஆகவே குழந்தையைப் பார்க்க வரும் சொந்தங்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆப்பிளும் பான பாட்டிலும் வேண்டாம். கால் கிலோ பூண்டு உரித்துக்கொண்டு வாருங்கள்.