விட்டு விட்டு வரும் விருந்தாளி

கேள்வி: மாமல்லபுரத்தில் கட்டட வேலை பார்க்கும் என் தம்பிக்கு வைவாக்ஸ் மலேரியா. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் அடித்தது ஏன்? குணமாகி மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தது எப்படி?

பதில்: கொசு ஏற்றிய கிருமி முதலில் கல்லீரலில் பெருகி, பிறகு சிவப்பணுக்களில் குடியேறும். அங்கே ஒரு தலைமுறை வளர 48 மணி நேரம். அணுக்கள் கூட்டமாக வெடிக்கும்போது நடுக்கம், காய்ச்சல், வியர்வை. வெளிவந்தவை புது அணுக்களுக்குள் நுழைந்ததும் உடம்பு ஓயும். அடுத்த வெடிப்பு வரை நல்லநாள்!

சில கிருமிகள் கல்லீரலிலேயே மாதக்கணக்கில் உறங்கும். 3 நாள் குளோரோகுயின் ரத்தத்தில் உள்ளதைத்தான் கொல்லும். உறங்குபவற்றைக் கொல்ல 14 நாள் பிரைமாகுயின் வேண்டும். காய்ச்சல் விட்டதென்று பாதியில் நிறுத்தினால், புதுக் கொசு கடிக்காமலே காய்ச்சல் திரும்பும். ஆனால் ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு பிரைமாகுயின் சிவப்பணுக்களையே சிதைக்கும். சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்தி, உடனே மருத்துவரிடம் ஓடச் சொல்லுங்கள்.