கரடிக்கு ஒரு குளிர்பெட்டி

தொய்வுக்காரப் பிள்ளை உள்ள வீட்டுக்கு யாழ்ப்பாணத்தில் வைத்தியப் பஞ்சம் வராது. படலையைத் திறந்துகொண்டு வருகிற எல்லோரும் வைத்தியர்கள்தான். ஒருவர் தூதுவளை என்பார். மற்றவர் ஆடாதோடை என்பார். மூன்றாமவர், "உந்தப் பம்மை மட்டும் பழக்கிப்போடாதேங்கோ, பிறகு விடேலாது" என்று பயங்காட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார். மகனுக்கு இரவில் இழுப்பு வரத் தொடங்கிய காலத்தில் இந்தச் சபை எங்கள் விறாந்தையில் அடிக்கடி கூடியது. மருந்தில் ஆயிரம் கருத்து வேறுபாடு இருந்தாலும் குற்றவாளி யார் என்பதில் சபை ஒரே குரலில் பேசியது. உரும்பிராய்ச் செம்மண். சோளகம் தொடங்கினால் அது யன்னலால் வந்து மேசை, அலுமாரி, சாமிப்படம் எல்லாவற்றிலும் படியும். ஆகவே, யன்னலைச் சாத்துங்கோ.

விசேட வைத்திய நிபுணர் சபையைக் கலந்தாலோசிக்கவில்லை. பிள்ளையின் முன்கையில் வரிசையாகச் சில துளிகளை விட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஊசிமுனையால் மெல்லக் கீறி, கால் மணித்தியாலம் காத்திருக்கச் சொன்னார். ஒரு துளி மட்டும் நுளம்பு கடித்ததுபோலத் தடித்துச் சிவந்தது. அது வீட்டுத் தூசியில் வாழும் உண்ணி. செம்மண் மூச்சை உறுத்தும், ஆனால் ஒவ்வாமை கொடுப்பது அதுவல்ல என்றார். பிறகு எங்கள் சபையின் தீர்மானங்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கினார்: "யன்னலைத் திறவுங்கோ. பம்மை விடாதேங்கோ. முதல்லை கட்டிலைப் பாருங்கோ."

இந்த உண்ணியைத் தூசி ஒவ்வாமையோடு சேர்த்துப் பிடித்தவர்கள் ஒல்லாந்தர். 1964இல் லெய்டன் நகர ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். (எங்களை ஒருகாலம் ஆண்டவர்களின் வாரிசுகள் எங்கள் தலையணைக்குள்ளும் புகுந்து பார்த்துவிட்டார்கள்.) உண்ணியின் நீளம் ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு. கடிக்காது, குத்தாது. நாங்கள் உதிர்க்கும் தோல் செதிலைத் தின்னும். தண்ணீர் குடிக்காது, காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்ளும். ஈரப்பதன் 50 விழுக்காட்டுக்குக் கீழே நாட்கணக்கில் நின்றால் வற்றிச் செத்துவிடும். குடாநாட்டில் அப்படிச் சாக அதற்கு வாய்ப்பே கிடையாது. பிள்ளைக்கு முட்டு எடுக்க வைப்பது உண்ணியை விட அதன் எச்சம்தான். அது பாரமான உருண்டை. படுக்கையைத் தட்டினால் எழும்பும், அரை மணித்தியாலத்துக்குள் திரும்பப் படிந்துவிடும். அதனால் அறையின் காற்றில் அது எப்போதும் மிதந்துகொண்டிருப்பதில்லை. பிள்ளை இரவு முழுக்க மூக்கைப் புதைத்துக் கிடக்கிற தலையணையில்தான் அது இருக்கிறது.

அந்தத் தலையணை அப்பம்மாவின் படைப்பு. எங்கள் வளவு இலவமரத்துப் பஞ்சை, கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து, பேரன் பிறந்தபோது தானே தைத்தது. அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது யாருடைய வேலை என்பதில் எனக்கும் மனைவிக்கும் சிறு வாக்குவாதம் நடந்தது. "உங்கடை அம்மா, நீங்கள் சொல்லுங்கோ" என்று அவள் தீர்ப்பு வழங்கிவிட்டாள். நான் சொன்னேன். அப்பம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இப்பிடித் தலையணியிலை படுத்துத்தானே நீயும் வளந்தனி. உனக்கு முட்டு வந்ததே?"

பதில் சொல்லக் கடினமான கேள்விதான். ஆனால் அப்பம்மாவின் பக்கம் பாதி நியாயம் இருந்தது. இலவம்பஞ்சை எறிந்துவிட்டுக் கடையில் ஸ்பொஞ்ச் தலையணை வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் பலர். ஸ்பொஞ்சிலும் உண்ணி குடியேறும், தும்பு மெத்தையிலும் ஏறும். அதற்கு வேண்டியது தோல் செதிலும் வியர்வை ஈரமும். அவற்றை நாங்கள் எந்தப் படுக்கைக்கும் பாரபட்சமில்லாமல் வழங்குகிறோம். உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதை விட, மேலே என்ன மூடியிருக்கிறது என்பதுதான் முக்கியம். எச்ச உருண்டையின் குறுக்களவு சுமார் 20 மைக்ரோன். துணியின் இழைகளுக்கு இடையிலான துவாரம் 10 மைக்ரோனுக்குக் கீழே இருந்தால் அது வெளியே வராது. சாதாரண தலையணை உறையை வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஊசித்துளைகள் தெரியும். அந்த வழியால் உருண்டை தாராளமாகப் போய் வரும். றெக்சின் உறை அதை முற்றாக மறிக்கும். ஆனால் சித்திரை வெயிலில் அதன் மேல் படுத்த பிள்ளையைக் காலையில் உரித்துத்தான் எடுக்கவேண்டும்.

இந்த நேரத்தில்தான் ரொறன்ரோவில் இருக்கிற அக்கா, "தம்பி, பிள்ளைக்கு என்ன அனுப்ப?" என்று கேட்டார். அக்கா அதற்கு முன்னர் அனுப்பியவை: சுவரிலிருந்து சுவருக்கு விரிக்கக்கூடிய கம்பளம் ஒன்று, மகனை விட உயரமான பஞ்சுக் கரடி ஒன்று. நெருக்கமாக நெய்த, ஆறு பக்கமும் மூடி சிப் பூட்டுகிற மெத்தை உறையும் தலையணை உறையும் கேட்டேன். "வேறை ஒண்டும் வேண்டாமோ?" என்று அக்கா மனம் நொந்தார். கனடாவிலிருந்து வந்து இந்த வீட்டில் உண்மையாகவே பிரயோசனப்பட்ட முதல் பொருள் அதுதான். உறையின் பலவீனமான இடம் சிப். தையல் துளைகளாலும் பல்லிடுக்காலும் கசியும். அதன் மேல் அகலமான ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டோம். உள்ளே அப்பம்மாவின் இலவம்பஞ்சு பத்திரமாக இருந்தது. இரு தரப்புக்கும் கௌரவமான சமாதானம்.

உறைக்கு மேலே விரிக்கிற பருத்தி விரிப்பைக் கிழமைக்கொருதரம் தோய்க்கவேண்டும், அதுவும் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடான தண்ணீரில். குளிர்ந்த தண்ணீர் எச்சத்தைக் கழுவும், உண்ணியைக் கொல்லாது. எங்கள் தோய்க்கிற மெசினுக்குச் சூடு என்றால் என்னவென்றே தெரியாது. கிடாரத்தில் தண்ணீர் கொதித்தது. 100 பாகை கொதிநீர் ஒரு வாளி, தொட்டியில் இருந்து 30 பாகைத் தண்ணீர் ஒரு வாளி, கலந்தால் 65. துணியும் பாத்திரமும் கொஞ்சச் சூட்டை விழுங்கினாலும் 60 அளவில் நிற்கும். மூடிக் கால் மணித்தியாலம் விட்டால் போதும். பிள்ளைகளைக் கிணற்றடிப் பக்கம் விடக்கூடாது. இதை நான் காகிதத்தில் கணக்குப்போட்டுக் காட்டியபோது அப்பம்மா, "பிள்ளைப்பெத்த வீட்டிலை சீலையை நாங்கள் உப்பிடித்தான் அவிக்கிறனாங்கள். உதுக்கு ஏன் பென்சில்?" என்றார்.

கரடிதான் பெரும் பிரச்சினை. மகன் அதைக் கட்டிப்பிடித்துத்தான் நித்திரை கொள்வான். அவித்தால் கரடி கரடியாக இராது. நிபுணர் சொன்ன வழி, உறையவைப்பது. பையில் கட்டி, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் ஒரு நாளாவது வைத்தால் உண்ணி செத்துவிடும். கரடி பெரிதென்றால் இரண்டு நாள், குளிர் வயிறு வரைக்கும் போகவேண்டாமா? எங்கள் குளிர்சாதனப்பெட்டியின் உறைபகுதியில் கரடியின் ஒரு காதுதான் அடங்கியது. சந்திக் கடைக்காரர் நல்ல மனிதர். ஐஸ்கிறீம் பெட்டியில் இடம் கொடுத்தார். முதல் நாள் பின்னேரமே ஊருக்குச் செய்தி பரவிவிட்டது. கண்ணாடி மூடிக்கு அடியில், பொலித்தீனுக்குள் முகத்தை அழுத்திக்கொண்டு ஒரு கரடி பார்த்துக்கொண்டிருந்தால் யார் ஐஸ்கிறீம் வாங்குவார்? வாங்க வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் கரடியை விலை கேட்டார்களாம், மீதிப்பேர் அழுதார்களாம். மகன் பள்ளிக்கூடம் விட்டதும் போய் நலம் விசாரித்துவிட்டு வந்தான். கரடி வீடு திரும்பியதும் தோய்த்து, கொடியில் காதால் தொங்கவிட்டோம். குளிர் உண்ணியைக் கொல்லுமே தவிர எச்சத்தை எடுக்காது. தோய்க்காவிட்டால் அந்தப் பயணமே வீண். இனிமேலும் இடைக்கிடை போகவேண்டும் என்று சொன்னபோது கடைக்காரர் சிரித்தார், ஆனால் முன்னைப்போலச் சிரிக்கவில்லை.

கம்பளத்தைப் பற்றி அக்காவுக்கு விளக்குவது இன்னும் சிக்கலாயிற்று. "எங்கடை வீட்டிலை அறைக்கு அறை கம்பளம், எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லையே?" ரொறன்ரோவில் மாரிகாலம் முழுக்க வீட்டுக்குள் சூடாக்கி ஓடுகிறது. காற்று வறண்டு, உதடு வெடிக்கும். கம்பளத்துக்குள் உண்ணியும் நலிந்துபோகும். அதே கம்பளம் உரும்பிராய்க்கு வந்தால் வருடம் முழுக்க அதற்கு ஈரச்சாப்பாடுதான். கம்பளம் சுருண்டு களஞ்சிய அறைக்குப் போயிற்று. கீழே இருந்த அப்பா காலத்துச் சிவப்புச் சீமெந்து நிலம் வெளிப்பட்டது. ஈரத்துணி ஒரு இழுவை, முடிந்தது வேலை. பனையோலைப் பாயும் அப்படித்தான், அதற்கு உள்பக்கம் என்று ஒன்றே கிடையாது. உதறி, துடைத்து, வெயிலில் போடலாம். மூலையில் சுருட்டி நிறுத்தினால் மட்டும் தூசி சேர்த்துவிடும். அப்பாவின் சாய்மனைக் கதிரையும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது, பிரம்புக் கண்களைப் பழைய பற்தூரிகையால் தேய்த்தால் போதும்.

கெடுப்பது தும்புத்தடி. காய்ந்த நிலத்தைக் கூட்டினால் படிந்த தூசியெல்லாம் மறுபடி மேலே எழும்பும். ஈரத்தால் துடைக்கவேண்டும், பிள்ளை அறையை விட்டு வெளியே இருக்கவேண்டும், துடைத்து அரை மணித்தியாலம் கழித்து வரவேண்டும். மூக்கைத் துளைக்கிற கிருமிநாசினியும் வேண்டாம், அந்த மணமே இழுப்பைக் கிளப்பும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை விறாந்தைக்கு நகர்த்தியதில் அப்பம்மாவுக்கு இன்னும் மனத்தாங்கல்.

இவ்வளவுக்கும் ஒரு எல்லை உண்டு. 2008இல் டென்மார்க்கில் பல பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், உண்ணியை ஒழிக்கும் முயற்சிகளால் ஆஸ்துமாவில் பயன் தெரியவில்லை என்றார்கள். 2017இல் மான்செஸ்டர் ஆய்வொன்று, உண்ணிக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் படுக்கைக்கு உறை போட்டால், கடும் இழுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது குறைகிறது என்றது. இரண்டையும் நிபுணர் எனக்குச் சொன்னதன் சாரம்: உறை போடுங்கோ, ஆனால் பம்மைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துவிடாதேங்கோ.

மிஞ்சியது செற்றி. வெல்வெட், குஞ்சம், கழற்ற முடியாத மெத்தை. வாங்கியபோது போர்த்தி வந்த பொலித்தீனை அப்பம்மா வருடக்கணக்காகக் கழற்ற விடவில்லை. இருந்தெழும்பினால் சரசரக்கும், வேட்டி ஒட்டும், விருந்தாளி வழுக்குவார். அக்கா லீவில் வந்தபோது, "வெக்கக்கேடு" என்று அதைக் கிழித்தெறிந்தார். உண்மையில் அந்தப் பொலித்தீன்தான் இந்த வீட்டிலேயே மிகச்சிறந்த உண்ணித் தடுப்பாக இருந்திருக்கிறது. வெறும் வெல்வெட்டோடு செற்றியை வைத்திருக்க முடியாது, விற்றுவிடுவோம் என்று முடிவுசெய்து, உறையைக் கழற்றித் தோய்க்கக்கூடிய மெத்தைகளோடு பிரம்புக் கதிரைகளுக்குச் சொல்லிவைத்தோம்.

செற்றியைப் பார்க்க ஒருவர் வந்தார், மகளின் கலியாண வீட்டுக்காம். சுற்றிப் பார்த்தார், குஞ்சத்தை இழுத்துப் பார்த்தார். "சாமான் நல்லம்தான். ஆனா பொலித்தீன் இல்லையே? பொலித்தீனோடை எண்டால் ஐயாயிரம் கூடத் தரலாம்."

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்பம்மா ஒன்றும் பேசாமல் தன் அறைக்குள் போனார். அக்கா கிழித்ததை எல்லாம் பொறுக்கி, தைத்து, மடித்து, பெட்டகத்தின் அடியில் வைத்திருந்திருக்கிறார். கொண்டுவந்து வந்தவரின் கையில் கொடுத்து, ஐயாயிரத்தை எண்ணி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.