இனிஷியல் செய்த வேலை

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருமான வரி உதவி எண்ணுக்குப் போன் போட்டு, ரிட்டர்ன் ஒப்புகைச் சீட்டின் 15 இலக்க எண்ணை வாய்ப்பாடு போல ஒப்பித்தார். “ரீஃபண்ட் எப்ப சார் வரும்?”

போய்த் திரும்பிவிட்டதாம்.

பான் கார்டில் அவர் பெயரோடு அப்பா பெயரும் முழுசாக நிற்கிறது. பாஸ்புக்கில் வெறும் ‘கே’. போர்ட்டல் கணக்கில் இவர்கள் இரண்டு ஆசாமிகள். எனவே வங்கிக் கணக்கு ‘வேலிடேட்’ ஆகவில்லை. ஆகாத கணக்கில் ரீஃபண்ட் விழாது.

இனி வங்கியில் பெயரைத் திருத்தி, போர்ட்டலில் கணக்கை மறுபடி வேலிடேட் செய்து, ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ கோரிக்கை போடவேண்டும். தாமதத்துக்கு மாதம் அரை சதவீத வட்டி சட்டத்தில் உண்டு. தாமதம் வரி கட்டியவர் பக்கம் என்றால் அந்த நாட்களுக்குக் கிடையாது.

அப்பா பெயர் யார் பக்கம் என்று ஆசிரியர் கேட்பதற்குள் லைன் கட்டானது.