பணிவன்புடன் ஓர் ஈமெயில்

யாழ்ப்பாணத்தில் எங்கள் காலத்தில் லீவுக் கடிதத்துக்கென்று ஓர் அச்சு இருந்தது. ‘ரெஸ்பெக்டட் சேர்’ என்று தொடங்கும். ‘ஐ மோஸ்ட் ஹம்பிளி பெக் டு ஸ்டேட்’ என்று காலில் விழும். பிறகு காய்ச்சல் வரும். ‘கைன்ட்லி கிரான்ட் மி லீவ் அண்ட் ஒப்ளைஜ்’ என்று மெல்ல எழும்பி, ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று திரும்பவும் விழுந்து முடியும். எங்கள் ஒழுங்கையில் பாதிப் பிள்ளைகளுக்கு அதை எழுதிக் கொடுத்தவன் நான். யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் என் கடிதத்தில் காய்ச்சல்தான். வயிற்றோட்டத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டத் தெரியாததை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தேன்.

இவ்வளவு பெரிய திறமை ஸ்காபரோவில் வீணாகிக் கிடந்தது. இங்கே வீட்டில் என்னிடம் எதிர்பார்க்கப்படுவது பனி வழிப்பதும் குப்பைப் பெட்டியைச் சரியான கிழமையில் வெளியே வைப்பதும்தான். மனைவியின் தம்பி வேலை அனுமதியில் வந்து சேர்ந்தபோதுதான் எனக்கு மறுபடி மவுசு வந்தது. அவனுக்கு நிரந்தர வதிவிடம் வேண்டும். அதற்கு ஆங்கிலச் சோதனை எழுத வேண்டும். அவன் எடுக்கப்போவது செல்பிப். கனடாவிலேயே உருவாக்கப்பட்டது, முழுக்கக் கொம்பியூட்டரில் எழுதுவது. எழுத்துப் பகுதியின் முதல் வேலையே ஓர் ஈமெயில் எழுதுவதுதான். 27 நிமிடம், 150 முதல் 200 சொல்.

“அத்தான், கல்லூரி அதிபருக்கு லீவு கேட்டு எழுதச் சொல்லி ஒரு கேள்வி இருக்கு” என்று அவன் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை நீட்டியபோது, விதி என்னை இத்தனை வருடம் சும்மா வைத்திருக்கவில்லை என்று புரிந்தது.

கேள்வி இதுதான். நீங்கள் ஒரு கல்லூரி மாணவர். வெளியூரில் உங்கள் அக்காவின் திருமணம். அதிபருக்கு எழுதி லீவு கேளுங்கள். ஏன் போக வேண்டும், எந்த வகுப்பு, எந்த வேலை தவறிப்போகும், அதை எப்படி ஈடுசெய்வீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். செல்பிப் கேள்வியின் உடம்பு எப்போதும் இப்படித்தான்: மேலே ஒரு நிலைமை, கீழே ஈமெயில் செய்து முடிக்க வேண்டிய காரியங்கள். ஐஎல்டிஎஸ் ஜெனரலின் கடிதக் கேள்வியும் இதே குடும்பம். அங்கே 150 சொல்லுக்குக் குறையாமல் எழுத வேண்டும், முகவரி தேவையில்லை.

சாப்பாட்டு மேசையில் கொம்பியூட்டரைத் திறந்து மாதிரி விடை எழுத உட்கார்ந்தேன். அதிபரின் உடல்நலத்தை விசாரித்தேன். என் அற்பத்தனத்தை ஒப்புக்கொண்டேன். அவருடைய பெறுமதியான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிப்புக் கேட்டேன். அக்கா திருமணம் என்றால் சும்மாவா? பொன்னுருக்கு எப்போது, கன்னிக்கால் எப்போது ஊன்றுவது, மாப்பிள்ளையின் தகப்பன் எந்த ஊர் என்றெல்லாம் விளக்கினேன். இங்கிலாந்து மகாராணிக்கே எழுதியிருக்கக்கூடிய ஆங்கிலம். மச்சான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தாள். திரையை ஒருமுறை பார்த்தாள்.

“அப்பா, இருநூறு சொல் முடிஞ்சுது. இன்னும் லீவு கேக்கேல்லை.”

கேட்பதற்கு முதல் ஒரு சூழ்நிலையை உருவாக்க வேண்டாமா என்றேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு நான் தேத்தண்ணி ஊற்றும் ஆளாகிவிட்டேன். ஊற்றிக்கொண்டே கேட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செல்பிப்பில் எழுத்தை நாலு கோணத்தில் பார்த்துப் புள்ளி போடுவார்களாம். கருத்தும் அதன் கோர்வையும் ஒன்று, சொல்வளம் ஒன்று, தடக்கில்லாமல் வாசிக்க முடிகிறதா என்பது ஒன்று. நாலாவது, கேட்ட காரியத்தைச் செய்தாயா என்பது. இந்த நாலாவதில்தான் எங்கள் ஆட்கள் விழுவது. மூன்று காரியம் கேட்டு, மூன்றாவதை எழுதாமல் விட்டால் மற்றது எவ்வளவு அலங்காரமாக இருந்தாலும் புள்ளி இறங்கும். நீளமும் தொனியும் அதே கணக்கில்தான் வருகின்றன. நான் காலில் விழுந்த சொற்களுக்கெல்லாம் கூலி கிடையாது. அவை இருநூறில் இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

“அப்ப மரியாதை?” என்றேன்.

“மரியாதை வேணும் அப்பா. கெஞ்சினா, தான் என்ன செய்யவேணும் எண்டு அவருக்குத் தெரியாது.”

இந்தக் கேள்விக்குத் தேவை அரை முறைமைத் தொனி. பெயர் தெரிந்த ஒருவர், மேலே இருக்கிறவர், ஆனால் தோளில் கை போடக்கூடியவர் இல்லை. அப்படிப்பட்டவருக்கு ‘டியர்’ போட்டு, ‘டொக்டர்’ அல்லது ‘மிஸ்டர்’, ‘மிஸ்’ சேர்த்துக் குடும்பப் பெயரை எழுத வேண்டும். பெயரைச் சோதனையில் நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். ‘டியர் சேர் ஓர் மடம்’ என்பது ஆள் யாரென்றே தெரியாதபோது எழுதுவது. ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ அதோடு ஒட்டிப் பிறந்தது. பெயர் எழுதினால் முடிவில் ‘சின்சியர்லி’ போதும். ‘ஹாய்’ போட்டால் மறுபக்கத்தால் விழுந்துவிடுவீர்கள். ‘கைன்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்ற வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். மகள் பதில் சொல்லவில்லை, மச்சானைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். அது எனக்கு மிகவும் பிடித்த வசனம். இருபது வருடமாக நான் வேலைத்தலத்தில் எழுதிவருகிறேன். ஏன் ஒன்றுமே நடப்பதில்லை என்று இப்போது ஓரளவு விளங்குகிறது.

பிறகு மச்சான் எழுதத் தொடங்கினான். முதல் வசனத்திலேயே கேள்வி. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வகுப்புக்கு வர முடியாது, அனுமதி தர முடியுமா என்று கேட்டு எழுதுகிறேன். நான் இரண்டாம் வருட வணிகக் கணக்கியல் மாணவன். இவ்வளவுதான் தொடக்கம். யார், எது, எப்போது என்பது அதிலேயே முடிந்துவிட்டது.

இரண்டாம் பந்தி காரணம். அக்காவின் திருமணம் மொன்றியலில் நடக்கிறது. இங்கே மகள் அவனை நிறுத்தினாள். திருமணம் என்றால் சனிக்கிழமை போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமே, உனக்கேன் வியாழன் லீவு என்று அதிபர் கேட்பார், அந்தக் கேள்விக்கும் பதில் வேண்டும் என்றாள். மச்சான் யோசித்து எழுதினான்: எங்கள் முறைப்படி மணமகளின் சகோதரன்தான் மாப்பிள்ளையின் காலைக் கழுவி மணவறைக்கு அழைத்து வர வேண்டும், எனக்கு வேறு சகோதரர் இல்லை, முதல்நாள் சடங்குகளிலும் நான் நிற்க வேண்டும். பொன்னுருக்கும் கன்னிக்காலும் ‘முதல்நாள் சடங்குகள்’ என்று இரண்டே சொல்லுக்குள் போய்விட்டன. நான் அவற்றுக்கு ஒரு பந்தி கொடுத்திருந்தேன்.

மூன்றாம் பந்தியில் இழப்பும் ஈடும். வெள்ளிக்கிழமை வரிக்கணக்கு வகுப்பில் ஒரு சிறு தேர்வும், வியாழனன்று ஒரு குழு விளக்கவுரையும் தவறும். குழுவில் இருப்பவர்களிடம் பேசிவிட்டேன், என் பகுதியை முதல் திங்களன்றே செய்து கொடுக்கிறேன். தேர்வை மற்றக் கிழமை எழுத விரிவுரையாளர் சம்மதித்தால் எனக்கு உதவியாக இருக்கும். இங்கேதான் மச்சான் பழைய பழக்கத்தில் ‘நான் கடுமையாக உழைத்து ஈடுசெய்வேன்’ என்று எழுதப் பார்த்தான். மகள் அழித்துவிட்டாள். எந்த வேலை, எந்த நாள் என்று இல்லாத வாக்குறுதி திருத்துபவருக்கு ஒன்றும் சொல்லாதாம். கடைசி வசனம்: அழைப்பிதழோ வேறு பத்திரமோ தேவை என்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன், புதன்கிழமைக்குள் பதில் கிடைத்தால் பயணச்சீட்டை உறுதிசெய்துகொள்வேன். இது கெஞ்சாமல் அவசரப்படுத்துவது. நான் இதுவரை அறியாத கலை.

திரையின் சொல்லெண்ணி இருநூறுக்குள் நின்றது. நேரமும் மிச்சம். அந்த மிச்சத்தில் செய்ய வேண்டியது, கேள்வியில் உள்ள ஒவ்வொரு காரியத்தையும் விடையில் விரல் வைத்துத் தேடுவது. சோதனைத் திரையில் எழுத்துப்பிழை காட்டும் வசதி உண்டு. விட்டுப்போன காரியத்தை அது காட்டித் தராது.

திருமணத் திகதி ஒக்டோபர் 17 என்று போட்டிருந்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மனைவி குசினியிலிருந்து வந்து வாசித்தாள்.

“புரட்டாசியில ஆர் கலியாணம் வைக்கிறது? அறிவிருக்கே உங்களுக்கு?”

இதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, நான் தேத்தண்ணி ஊற்றினவன் என்றேன். திருத்துபவர் பஞ்சாங்கம் பார்க்க மாட்டார், காரணம் உண்மையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை என்று மகள் சொன்னாள். ஆனால் தன் தம்பி கற்பனையில்கூடப் புரட்டாசியில் அக்காவைக் கட்டிக்கொடுப்பதை மனைவி அனுமதிக்கவில்லை, அந்த அக்கா அவளே என்பதால். ஐப்பசிக்குள் தள்ளி ஒக்டோபர் 31 ஆக்கினார்கள். உடனே லீவு நாள், சிறு தேர்வு, பதில் கேட்ட புதன்கிழமை எல்லாவற்றையும் இழுத்து மாற்ற வேண்டி வந்தது. ஓரிடத்தில் 16 அப்படியே நின்றுவிட்டது, மகள்தான் பிடித்தாள். பஞ்சாங்கம் பிழைத்தால் புள்ளி போகாது, ஒரே ஈமெயிலுக்குள் இரண்டு திகதி சண்டை பிடித்தால் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் மாணவன் எவனும் கல்லூரி அதிபருக்கு லீவு கேட்டு எழுதுவதில்லை. சென்டெனியல், ஜோர்ஜ் பிறவுன், ஹம்பர் போன்ற கல்லூரிகளின் தலைவருக்குப் பதவிப் பெயரே பிரசிடென்ட். அவருக்குப் போய் அக்காவின் கலியாணக் கதையை எழுதினால் அவர் யாருக்கோ தள்ளிவிடுவார். இங்கே வகுப்பு எடுக்கும் பேராசிரியருக்கோ பாடநெறி இணைப்பாளருக்கோதான் எழுதுவது. ‘பிரின்சிபல்’ என்பவர் பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர். ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்குள் இனிஸ், வூட்ஸ்வேர்த் போன்ற கல்லூரிகளுக்குப் பிரின்சிபல் உண்டுதான், அவர்களிடமும் காய்ச்சலுக்கு யாரும் லீவு கேட்பதில்லை. பழைய புத்தகத்தின் கேள்வி எங்கள் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளை நினைத்து எழுதியது போல இருந்தது; அங்கே ஆறாம் வகுப்பும் கல்லூரிதான், அதிபரும் வாசலில்தான் நிற்பார். சோதனையில் அப்படி ஒரு கேள்வி வந்தால் ‘அதிபர் இல்லை’ என்று வாதாடாமல் கேட்டவருக்கே எழுதிவிட வேண்டும். பெறுநரை மாற்றினால் அந்த நாலாவது கோணத்தில் புள்ளி போகும்.

மச்சானுக்கு எழுத்தில் 9 வந்தது. செல்பிப்பின் 9 கனடிய மொழி அளவுகோலிலும் 9 தான், மாற்றிக் கணக்கிட வேண்டியதில்லை. ஐஎல்டிஎஸ் எழுத்தில் இதற்கு 7 எடுக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் மகளைப் பாராட்டினார்கள். தேத்தண்ணி பற்றி எவரும் பேசவில்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு இந்தப் பெறுபேறு 2 வருடம்தான் செல்லும், நிரந்தர வதிவிட விண்ணப்பம் போடும் நாளிலும் அது செல்லுபடியாக இருக்க வேண்டும். எழுதிவிட்டுப் பத்திரங்களுக்காகக் காத்திருக்கிறவர்கள் திகதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.