'தனித்தனியாகவும்' என்றால் என்ன?

கே: மச்சான் டெம்போ வாங்க 5 லட்சம் கடன் கேட்டிருக்கிறார். ஜாமீன் படிவத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்று இருக்கிறது. ஜாமீன்தாரர் இரண்டு பேர். பாதிப் பாதிதானே? (ஈரோடு வாசகர்)

ப: 'கூட்டாக'வைப் படித்தீர்கள், 'தனித்தனியாக'வைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 4 லட்சம் பாக்கி நின்றால், வங்கி உங்களிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். கட்டிய பிறகு இன்னொரு ஜாமீன்தாரரிடம் 2 லட்சம் கேட்க ஒப்பந்தச் சட்டம் (1872) 146-ஆம் பிரிவு வழி விடுகிறது. மச்சானிடம் முழுசும் கேட்கலாம். ஆனால் அலைவது நீங்கள், வங்கி அல்ல!

கே: முதலில் கடன் வாங்கியவரைக் கேட்டுவிட்டுத்தானே என்னிடம் வர வேண்டும்? (நாமக்கல் வாசகி)

ப: அப்படிப் படிவத்தில் எழுதியிருந்தால் உண்டு. இல்லையென்றால் இல்லை. பீகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது.

கே: 'ரூ.3 லட்சம் வரை' என்று எழுதச் சொல்லிவிட்டேன். போதுமா? (திருப்பூர் வாசகர்)

ப: பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். வட்டி, அபராத வட்டி, வழக்குச் செலவு எல்லாம் அந்த 3 லட்சத்துக்கு உள்ளேயா, மேலேயா? 'மற்றும் வட்டி, செலவுகள்' என்று பின்னால் ஒரு வால் இருந்தால் அந்த 3 லட்சம் வெறும் தொடக்கம். 'அனைத்தும் சேர்த்து அதிகபட்சம் ரூ.3,00,000' என்று எண்ணாலும் எழுத்தாலும் இருக்கட்டும். திருத்தம் செய்தால் அந்த இடத்தில் நீங்களும் மேலாளரும் சுருக்கொப்பம் இடுங்கள். 'இனி பெறும் கடன்களுக்கும்' என்ற சொல் கண்ணில் பட்டால் அடிக்கச் சொல்லுங்கள். அது தொடர் ஜாமீன்; கடன் வாங்கியவரின் அடுத்த கடனும் உங்கள் தலையில் ஏறும்.

கே: சாட்சிக் கையெழுத்து இல்லாவிட்டால் பத்திரம் செல்லாதல்லவா? (கும்பகோணம் வாசகர்)

ப: அந்த ஆசையை விடுங்கள். ஜாமீன் ஒப்பந்தத்துக்குச் சாட்சி கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் படிவத்தில் சாட்சிக்கு இடம் இருந்தால், நீங்கள் ஒப்பமிடுவதை நேரில் பார்த்தவரே பெயர், முகவரி, தேதியுடன் ஒப்பமிட வேண்டும். நாளைக்கு 'அப்போது தொகைக் கட்டம் காலியாக இருந்ததா, நிரம்பியிருந்ததா?' என்ற கேள்வி எழுந்தால், பார்த்தவர்தான் பேச முடியும். டீக்கடையில் பிடித்த சாட்சி எதைப் பார்த்தார்? டீயைத்தான்!

கே: படிவத்தைக் காலியாகவே ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன். பணம் இன்னும் பட்டுவாடா ஆகவில்லை. (சிவகாசி வாசகர்)

ப: இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். 'நிரப்பிய படிவத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை கடனை விடுவிக்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பணம் கைமாறிய பிறகு அந்தக் கடனுக்கான ஜாமீனிலிருந்து நினைத்தபடி விலக முடியாது.